‘உங்களுக்கு இந்த வேலை சின்னதாச்சே’ என்று சொல்லி அனுப்பினார்களா? அடுத்த பத்து நாளில் செய்ய வேண்டியவை

கானாடுகாத்தானில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டை 18 அறை ஹோட்டலாக மாற்றி நடத்துகிறார்கள். 2025 புரட்டாசியில் அங்கே கணக்குப் பொறுப்புக்கு ஆள் தேவைப்பட்டது. காரைக்குடியில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரத்துக்கு ஆள் எடுத்துக் கொடுப்பது என் தொழில் என்பதால், நேர்காணலில் நானும் பட்டாலையில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

வந்தவருக்கு 42 வயது. சென்னையில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் நிதி மேலாளர், கீழே ஒன்பது பேர். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் ஊர் திரும்பியவர். முதலாளி பயோடேட்டாவைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: “எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா உங்களுக்கு இந்த வேலை சின்னதாச்சே?”

“அப்படியெல்லாம் இல்லங்கய்யா, எந்த வேலையும் சின்னது கிடையாது” என்றார் அவர். பாதகமில்லாத பதில்தான், ஆனால் அதில் விஷயம் எதுவும் இல்லை. “யோசிச்சுச் சொல்றோம்” என்று அனுப்பிவிட்டார்கள்.

அவர் முகப்பைத் தாண்டியதும் முதலாளி என்னிடம் கேட்டது வேறு: “ஆறு மாசம் தாங்குமா?” பக்கத்தில் இருந்த அவர் மகள் இன்னொன்று சொன்னார்: “ஸ்டாக் எண்ண வரணும்னு சொன்னப்ப சிரிச்சாரு அப்பச்சி. நான் சொன்னா கேப்பாரான்னு தெரியல.”

இந்த இரண்டு வாக்கியத்தையும் அவர் கேட்கவில்லை. நேர்காணலுக்குப் பிறகு செய்யும் எல்லாமே, நமக்குக் கேட்காமல் போன அந்த வாக்கியங்களுக்குப் பதில் சொல்வதுதான். அவருக்கு நடந்ததை வைத்தே ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

படி 1: எந்தப் பயம் என்று கண்டுபிடியுங்கள்

‘தகுதி அதிகம்’ என்பது ஒரு மரியாதையான போர்வை. உள்ளே பெரும்பாலும் நான்கு பயங்களில் ஒன்றோ இரண்டோ இருக்கும். சீக்கிரம் போய்விடுவார். சம்பளம் போதாமல் முணுமுணுப்பார். தன்னைவிடச் சின்னவர் சொன்னால் கேட்கமாட்டார். சலித்துப்போய் வேலையில் கவனம் விடுவார்.

எது என்று கேள்வியின் வடிவமே காட்டிக்கொடுக்கும். “எவ்வளவு நாள் இருக்கிறதா உத்தேசம்?”, “குடும்பம் எங்கே இருக்கு?” என்றால் முதல் பயம். சம்பளப் பேச்சை அவர்களே சீக்கிரமாக எடுத்து, எண்ணைச் சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தால் இரண்டாவது. “இங்கே எல்லா வேலையும் நாமளேதான் பார்க்கணும்”, “இவங்கதான் உங்களுக்கு மேல இருப்பாங்க” என்றால் மூன்றாவது. நான்காவதை வாய்விட்டு யாரும் கேட்பதில்லை. வேலையை வேண்டுமென்றே மட்டமாக விவரிப்பார்கள்: “தினமும் ஒரே மாதிரி பில்லுதான், வேற ஒண்ணும் இருக்காது.”

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. சில வருடங்களுக்கு முன் நானே ஒரு இடத்துக்கு இப்படிப் பெரிய அனுபவம் உள்ள ஒருவரைச் சேர்த்துவிட்டேன். பிப்ரவரி கடைசியில், கணக்கு முடிக்க ஒரு மாதம் இருக்கும்போது, துபாய் வேலை கிடைத்துப் போய்விட்டார். ஆடிட்டருக்குக் கூடுதல் பணம், பாதியில் நின்ற பேரேடு, எனக்கு நல்ல திட்டு. சின்ன இடங்களில் கணக்குக்கு ஒரே ஆள்தான். அவர் போனால் அந்த வேலை தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. அதனால்தான் ‘நல்ல ஆள்’ என்பதைவிட ‘நிற்கிற ஆள்’ என்பதைப் பார்க்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த உடனே, அன்று மாலையே, ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிவையுங்கள். அவர்கள் கேட்ட கேள்வி, அவர்கள் சொன்ன அதே வார்த்தையில். எந்த இடத்தில் அவர்கள் முகமோ குரலோ மாறியது என்பது. வேலையைப் பற்றி அவர்கள் சொன்ன ஒரு நடைமுறைத் தொல்லை. மறுநாள் எழுதினால் அவர்கள் வார்த்தை மறந்து உங்கள் வார்த்தை வந்து உட்கார்ந்துவிடும்.

நம் ஆளிடம் இதைக் கேட்டபோது முதலாளியின் கேள்வியைச் சரியாகச் சொன்னார். மகள் கேட்டது ஞாபகம் இல்லை. ‘ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் ரூம்ல ஸ்டாக் எண்ணுவோம், நீங்களும் வரணும், பரவாயில்லையா?’ என்று அந்தப் பெண் கேட்டிருந்தார். அரை மணி நேரமும் இவர் முதலாளியைப் பார்த்தே பேசினார். ஹோட்டலை நடத்துவது அந்த 29 வயதுப் பெண்தான், இவருக்கு மேலதிகாரியாகப் போகிறவரும் அவர்தான். இதை நான் சொன்னபோதுதான் அவருக்கு உறைத்தது.

படி 2: யாருக்கு, எதில், எப்போது

நேர்காணல் முடிந்த மறுநாள் காலை பத்து, பதினொரு மணிக்குள் முதல் செய்தி போகவேண்டும். அன்று இரவே அனுப்பினால் யோசிக்காமல் எழுதியது போல இருக்கும், மூன்று நாள் கழித்து அனுப்பினால் அவர்கள் மனத்தில் முடிவு உறைந்திருக்கும்.

யாருக்கு என்பதில்தான் நம் ஊரில் நிறையப் பேர் தடுமாறுவார்கள். இங்கே பல இடங்களில் சொத்து ஒருவர் பெயரில், நடத்துவது இன்னொருவர், முடிவெடுக்கும் பங்காளி சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார். பொதுவாக, உங்களை நேர்காணலுக்கு அழைத்தவருக்கு அனுப்புங்கள். அவர் உங்கள் மேலதிகாரியாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அவரைத் தாண்டிப் பெரியவருக்கு நேராக அனுப்புவது மூன்றாவது பயத்தை உறுதிசெய்வது போல ஆகிவிடும்.

மின்னஞ்சலில் அழைத்திருந்தால் மின்னஞ்சல். கல்லூரி, மில், வங்கிசாரா நிதி நிறுவனம் போன்ற இடங்களில் அதுதான் முறை. வாட்ஸ்அப்பில் இடமும் நேரமும் அனுப்பியிருந்தால் அதிலேயே பதில் போடலாம். குரல் பதிவு மட்டும் வேண்டாம். கையில் பிடித்துத் திருப்பிப் படிக்கவும், அப்பச்சியிடம் காட்டவும் எழுத்துதான் உதவும்.

படி 3: முதல் செய்தியை எழுதுவது

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். நம் ஆள் முதலில் எழுதி எனக்கு அனுப்பியது இது:

> வணக்கம் ஐயா. நேற்றைய சந்திப்புக்கு நன்றி. எனது 17 வருட நிதி நிர்வாக அனுபவம் தங்கள் நிறுவனத்தை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுசெல்லும் என்று உறுதியாக நம்புகிறேன். செலவுக் கட்டுப்பாடு, மாதாந்திர அறிக்கை முறை ஆகியவற்றைச் சீரமைத்துத் தர முடியும். சம்பளம் எனக்கு ஒரு பொருட்டல்ல. வாய்ப்பளித்தால் நீண்டகாலம் பணியாற்றுவேன்.

ஒவ்வொரு வரியும் பயத்துக்குத் தீனி போடுகிறது. ‘அடுத்த கட்டத்துக்கு’ என்றால், இப்போதிருப்பது போதாது என்று அர்த்தம். ‘சீரமைத்துத் தருகிறேன்’ என்பது ஆலோசகர் பேச்சு. அவர்கள் தேடுவது பில்லைச் சரிபார்க்கும் ஆள். ‘சம்பளம் பொருட்டல்ல’ என்று ஒருவர் சொன்னால், நான் உட்பட யாரும் நம்பமாட்டோம். ‘நீண்டகாலம்’ என்பதை அளக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, செய்தி முதலாளிக்குப் போகிறது.

இரண்டு தடவை திருத்தி, கடைசியில் அனுப்பியது இது:

> வணக்கம் மேடம். நேற்று நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு உங்களுக்கும் ஐயாவுக்கும் நன்றி.
>
> இந்த வேலை எனக்குச் சின்னதாக இருக்குமே என்று ஐயா கேட்டார். நான் அதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்ள மே மாதமே குடும்பத்தோடு காரைக்குடிக்கு வந்துவிட்டோம். மகளை ஜூனில் இங்கே ஏழாம் வகுப்பில் சேர்த்தாயிற்று. சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டோம்.
>
> ஞாயிறு ஸ்டாக் எண்ணுவது பற்றி நீங்கள் கேட்டபோது சிரித்துவிட்டேன். தப்பாகப் பட்டிருந்தால் மன்னிக்கவும். என் முதல் மூன்று வருட வேலையே குடோனில் ஸ்டாக் எண்ணுவதுதான், அந்த ஞாபகம் வந்துவிட்டது. எண்ண நானும் வருவேன். ஜூலையிலிருந்து சித்தப்பாவின் ஹார்டுவேர் கடைக் கணக்கை டாலியில் நானேதான் போட்டு வருகிறேன்.
>
> புக்கிங் தளங்கள் கமிஷன் பிடித்துக்கொண்டு மொத்தமாகப் பணம் போடுவதால், எந்த அறைக்கு எவ்வளவு வந்தது என்று பார்க்க முடியவில்லை என்றீர்கள். அதை வாரம் ஒருமுறை ஒப்பிட்டால் போதுமா, தினமும் வேண்டுமா? இந்த வேலையைச் செய்ய எனக்கு விருப்பம் இருக்கிறது. இன்னும் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்.

இந்தச் செய்தி அவர்கள் கேட்ட கேள்வியை அவர்கள் வார்த்தையிலேயே எடுத்து வைக்கிறது. பயத்தைத் தொடாமல் சுற்றிப்போகும் நன்றிச் செய்தி நேர்காணலில் சொன்ன மழுப்பலின் தொடர்ச்சிதான். ‘நான் சரியாகப் பதில் சொல்லவில்லை’ என்று ஒப்புக்கொண்டதும் இன்னொரு முறை பதில் சொல்ல இடம் கிடைத்துவிடுகிறது.

பதிலாக அவர் எதையும் உறுதிமொழி கொடுக்கவில்லை. ஏற்கனவே நடந்து முடிந்த மூன்று விஷயத்தைச் சொன்னார்: குடிவந்தது, பள்ளியில் சேர்த்தது, வாடகை வீட்டை விட்டது. ‘நான் போகமாட்டேன்’ என்பது பேச்சு. மகளின் பள்ளிச் சேர்க்கை விசாரித்தால் தெரிந்துவிடும் விஷயம். செக்காலையில் ஒரு டீக்கடையில் நின்றால் போதும். உங்களிடம் இப்படி நடந்து முடிந்த செயல் எதுவும் இல்லையென்றால் அதைக் கற்பனை செய்து எழுதாதீர்கள். அப்போது காரணத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

அப்பாவின் உடல்நிலையைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் எழுதவிட்டேன். இரண்டு வாக்கியமானால் இரக்கம் கேட்பது போல ஆகும். தவிர, ‘அப்பாவுக்கு முடியாமல் போனால் அடிக்கடி லீவு போடுவாரோ’ என்ற புதுப் பயம் கிளம்பும்.

கடைசிப் பத்தியில்தான் உண்மையான ஆர்வம் தெரிகிறது. ‘உங்கள் பாரம்பரிய வீட்டின் அழகு என்னைக் கவர்ந்தது’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அங்கே வரும் எல்லா விருந்தாளியும் அதைத்தான் சொல்கிறார்கள். கணக்கு வேலையில் ஆர்வம் இருப்பவர் கணக்கின் முடிச்சைப் பற்றிக் கேட்பார். அதுவும் தீர்வாக இல்லாமல் கேள்வியாக இருக்கவேண்டும். பெரிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதுதான் கஷ்டம், கை தானாகத் தீர்வு எழுதும். அதைப் பிடித்து நிறுத்துங்கள்.

அந்தச் செய்திக்கு மதியம் பதில் வந்தது: “தினமும் பார்த்தா நல்லது சார். அப்பச்சிகிட்ட பேசிட்டுச் சொல்றேன்.” கேள்விக்குப் பதில் வந்திருக்கிறது என்பது நல்ல அறிகுறி. வெறும் கைகூப்பும் படம் மட்டும் வந்திருந்தால் கதவு பாதி சாத்தியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 4: உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்வதை அகற்றுங்கள்

இதை நேர்காணலுக்கு முன்பே செய்திருக்க வேண்டும். செய்யாதவர்கள் அன்றைக்கே செய்யுங்கள். ஆள் எடுக்கும் நாங்கள் நௌக்ரியையும் லிங்க்ட்இன்னையும் பார்ப்போம். நம் ஆளின் நௌக்ரி பக்கத்தில் விரும்பும் ஊர் என்ற இடத்தில் சென்னை, பெங்களூரு, துபாய் இருந்தன. எதிர்பார்க்கும் சம்பளம் ஆண்டுக்கு 30 லட்சம். ‘ஊரோடு வந்துவிட்டேன்’ என்ற செய்தியை அந்த ஒரு பக்கம் பொய்யாக்கிவிடும்.

அதைத் திருத்தச் சொன்னேன். மறைக்கச் சொல்லவில்லை. இருக்கும் ஊர் காரைக்குடி, விரும்பும் ஊர் காரைக்குடி. பழைய பதவிகள் அப்படியே இருக்கலாம். ஆனால் வெளியூர் வேலைக்கும் நிஜமாகவே முயற்சி செய்துகொண்டிருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை. அப்போது முதலாளியின் பயம் சரியான பயம்.

இதை ஒட்டி எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று: படிப்பையோ பதவியையோ பயோடேட்டாவில் குறைத்துப் போடலாமா? இந்த வேலைக்குத் தேவைப்படாததைச் சுருக்கலாம், ஒன்பது பேரை நிர்வகித்ததை ஒரு வரியில் முடித்துவிட்டு, கையால் செய்த கணக்கு வேலைக்கு நாலு வரி கொடுக்கலாம். ஆனால் கேட்ட இடத்தில் மறைக்கக் கூடாது. ஒரு பொதுத்துறை வங்கியின் பியூன் வேலைக்குப் பட்டதாரிகள் விண்ணப்பிக்கக் கூடாது என்று விளம்பரத்தில் இருந்தும், பட்டத்தை மறைத்துச் சேர முயன்ற ஒருவருக்கு எதிராக 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியார் இடம் என்றாலும், சேர்ந்தபின் தெரிந்தால் கேட்கும் முதல் கேள்வி ‘வேறு என்ன மறைச்சிருக்கீங்க?’ என்பதாகத்தான் இருக்கும்.

படி 5: அந்தப் பயத்துக்கு மட்டும் பதில் சொல்லும் ஒரு ஆள்

வழக்கமாகப் பரிந்துரைக்கு மிகப் பெரிய பதவியில் இருப்பவர் பெயரைத்தான் கொடுப்போம். இங்கே அது வேலைக்கு ஆகாது. நிறுவன இயக்குநர் ஒருவர் போனில் ‘அவர் மிகப் பெரிய திறமைசாலி’ என்று புகழ்ந்தால் ‘அப்போ நிச்சயம் போயிருவார்’ என்றுதான் தோன்றும்.

நம் ஆளிடம் நான் கேட்டது: “உங்களைவிடச் சின்னவர் யாருக்காவது கீழே வேலை பார்த்திருக்கிறீர்களா?” யோசித்துவிட்டுச் சொன்னார், கடைசி இரண்டு வருடம் இவரைவிட ஆறு வயது இளைய பெண் ஒருவருக்குத்தான் கணக்கு ஒப்படைத்தாராம். அதுதான் வேண்டிய ஆள். இவர் அந்த அம்மாவுக்குப் போன் செய்து, இப்படி ஒரு வேலை, இதுதான் அவர்களுடைய தயக்கம், உங்கள் எண்ணைக் கொடுக்கலாமா என்று கேட்டார். என்ன சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்த பேச்சு போனில் அப்படியே தெரியும்.

அந்த எண் இரண்டாவது செய்தியில் போனது.

படி 6: இரண்டாவது செய்தி, ஒரே ஒரு தடவை

முதல் செய்திக்குப் பிறகு ஒரு வாரம் சும்மா இருங்கள். அவர்கள் ஒரு தேதி சொல்லியிருந்தால் அந்தத் தேதிக்கு இரண்டு நாள் கழித்து. ‘ஏதாவது முடிவாச்சா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். புதிதாக ஒன்று கையில் இருக்கவேண்டும்.

எட்டாவது நாள் அவர் அனுப்பியது:

> வணக்கம் மேடம். செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையான அறைக்கு ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமாகிவிட்டதே, அதற்கு முன்பே அட்வான்ஸ் வாங்கிய புக்கிங்குகள் எவை என்று ஒரு பட்டியல் இப்போதே எடுத்து வைத்தால் ஆடிட்டருக்கு வசதியாக இருக்கும். தேவைப்படும் என்று தோன்றியது. என்னுடைய பழைய மேலதிகாரியின் எண்ணையும் இதோடு அனுப்பியிருக்கிறேன், அவரிடம் சொல்லிவிட்டேன், நீங்கள் பேசலாம். உங்கள் முடிவுக்காகக் காத்திருக்கிறேன்.

படி 3-ல் தீர்வு எழுதாதீர்கள் என்றேன், இங்கே யோசனை இருக்கிறதே என்பீர்கள். அளவில்தான் வித்தியாசம். இது ஒரு குமாஸ்தா செய்யும் வேலை, ஒரு மணி நேரத்தில் முடியும், அவர்களே செய்துகொள்ளலாம். ஒரே அறை ஆடியில் 6,800-க்கும் ஜனவரியில் 8,500-க்கும் போகும். 7,500-ஐத் தாண்டினால் வரி 18 சதவீதம். அந்த ஹோட்டலின் பில்லில் தினமும் இடறும் கல் அதுதான். அதைப் பார்த்திருக்கிறார் என்பதே அந்த வேலைக்குள் மனத்தளவில் வந்து உட்கார்ந்துவிட்டார் என்பதற்கு அடையாளம்.

நாள் கணக்கை வைத்து மனம் தளராதீர்கள். ஆடியிலும் மார்கழியிலும் புது ஆள் சேர்க்காத முதலாளிகள் இங்கே இருக்கிறார்கள், சிலர் புரட்டாசியையும் தள்ளுவார்கள். இரண்டாவது செய்திக்குப் பிறகு பதில் இல்லையென்றால், பத்து நாள் கழித்து ஒரு போன், அதோடு நிறுத்திக்கொள்ளலாம். தீபாவளி வாழ்த்து, பொங்கல் வாழ்த்து என்று ஞாபகப்படுத்திக்கொண்டே இருப்பது வேண்டாம்.

படி 7: திரும்பக் கூப்பிடும்போது

அந்தச் செய்தி போன மூன்றாம் நாள் முதலாளியே கூப்பிட்டார். பழைய மேலதிகாரியிடம் மகள் பேசியிருந்தார். நான் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“எங்க ஐயா பர்மாவுக்கு ஆள் அனுப்பும்போது மூணு வருஷம்னு சம்பளச் சீட்டு எழுதித்தான் அனுப்புவாக. நீங்க எத்தனை வருஷம்னு எழுதுவீங்க தம்பி?”

இதற்குத் தயாராக இருக்கச் சொல்லியிருந்தேன். ‘கடைசி வரைக்கும்’ என்று சொன்னால் அங்கேயே நம்பிக்கை போய்விடும். வேலையின் இயல்பிலிருந்து ஒரு அளவை எடுக்கவேண்டும். அவர் சொன்னார்: “ரெண்டு மார்ச் கணக்கு முடிச்சுக் கொடுக்கறேங்கய்யா. அது உறுதி. அதுக்கப்புறமும் இருக்கணும்னுதான் நினைக்கிறேன். போறதா இருந்தா மூணு மாசம் முன்னாடியே சொல்லி, வேற ஆளுக்குப் பழக்கிவிட்டுட்டுத்தான் போவேன். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள்ள போகமாட்டேன்.”

அதாவது ஏறக்குறைய ஒன்றரை வருடம். மூன்று வருடத்தில் பாதிதான். ஆனால் முதலாளி பயந்தது மார்ச்சுக்கு, அந்த மார்ச் இந்தப் பதிலுக்குள் இருந்தது.

அப்புறம் சம்பளம். சென்னையில் கையில் வந்தது மாதம் 1,60,000, இங்கே 45,000. இந்தப் பேச்சை அவர்கள் எடுக்கும்வரை நீங்கள் எடுக்கவேண்டாம், குறைத்துக்கொள்கிறேன் என்று நீங்களாகச் சொல்லவே வேண்டாம். எடுத்தால் உங்கள் வீட்டுக் கணக்கு இரண்டு வாக்கியத்தில் தயாராக இருக்கவேண்டும். “இங்க சொந்த வீடு, வாடகை இல்லை. அப்பா மருந்தோட சேர்த்து மாசம் 52,000 ஆகுது. வீட்டுக்காரம்மா வீட்டிலிருந்தே வேலை பார்த்து 30,000 கொண்டுவர்றாங்க, உங்க 45,000 சேர்ந்தா மிச்சமே இருக்கும்.” கூட்டிப் பார்த்தால் சரியாக வரும் கணக்கு. முதலாளியும் மனத்துக்குள் கூட்டியிருப்பார், இரண்டு வினாடி பேச்சே இல்லை.

இங்கே சறுக்கும் இடங்கள் இரண்டு உண்டு. ‘முதல் மாதம் சம்பளம் வேண்டாம், வேலையைப் பாருங்கள்’ என்று சொல்லாதீர்கள். வேலையின் மதிப்பும் உங்கள் மதிப்பும் சேர்ந்து இறங்கும். ஒரு வாரம் சம்பளத்தோடு பழகிப் பார்க்கலாம் என்றால் சரி. இன்னொன்று, நிற்பேன் என்பதற்கு அடையாளமாக அசல் சான்றிதழ்களைக் கேட்டால் கொடுக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், நகல் கொடுக்கலாம். முன்னறிவிப்புக் காலத்தை நியமனக் கடிதத்தில் மூன்று மாதம் என்று எழுதிக்கொள்ள நீங்களே முன்வந்தால், அதே உறுதி அவர்களுக்குக் கிடைத்துவிடும். நம் ஆள் அதைத்தான் செய்தார்.

இல்லை என்று வந்தால்

சில இடங்களில் எதைச் செய்தாலும் நடக்காது. சம்பள வரம்பு நிர்ணயித்த நிறுவனங்களில் உங்கள் வருடங்களுக்கு அவர்கள் அட்டவணையில் கட்டமே இருக்காது. இன்னும் சில இடங்களில் ‘தகுதி அதிகம்’ என்பது ‘வயது அதிகம்’ என்பதற்கான மறுபெயர். உங்கள் காரணங்களைக் கேட்டுவிட்டும், எதையும் திருப்பிக் கேட்காமல் அதே வாக்கியத்தையே மறுபடி சொன்னால் இந்த இரண்டில் ஒன்று. வாதம் செய்யாதீர்கள்.

கடைசியாக இரண்டே வரி போதும்: “தெரிவித்ததற்கு நன்றி மேடம். எடுத்த ஆள் எதிர்பாராமல் வராமல் போனால் என்னைக் கூப்பிடுங்கள், நான் இதே ஊரில்தான் இருப்பேன்.” சேருகிறேன் என்று சொன்னவர் சேரும் நாளில் போனை எடுக்காமல் போவது இங்கே எனக்கு மாதம் ஒரு தடவையாவது நடக்கிறது. அப்படி ஆன நாளில் நான் முதலில் தேடுவது இந்த மாதிரிச் செய்தி அனுப்பியவரின் எண்ணைத்தான்.

கானாடுகாத்தானில் அந்த அவசியம் வரவில்லை. ஐப்பசி பிறந்து, தீபாவளி கழிந்து, சீசன் கூட்டம் வரும் முன்பே அவர் சேர்ந்துவிட்டார். முதல் ஞாயிறு ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை எண்ணிக்கொண்டிருந்தபோது, சீட்டில் 14 என்று எழுதியிருந்தது, இருந்தது 12. அந்தப் பெண் எனக்குப் போன் செய்து சொன்னது இதைத்தான், அதுவும் சிரித்துக்கொண்டே.